கொட்டாங்குச்சித் தண்ணி: எண்ணூர் குப்பத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் பேசியது

அக்கா, அண்ணே, ஆயா, எல்லாருக்கும் வணக்கம். வலை பின்னிக்கிட்டே கேளுங்க, கை வேலைய விட வேணாம்.

காலையில உங்க தெருவ ஒரு சுத்து வந்தேன். ஒரு வீட்டுப் பின்னாடி கொட்டாங்குச்சி குவிச்சிருக்கு. அடுப்புக்குத்தான் வெச்சிருக்காங்க, தப்பில்ல. ஆனா போன வாரம் பேஞ்ச மழை அதுல அப்படியே நிக்குது. இந்த டம்ளர்ல மொண்டு வந்திருக்கேன், கை மாத்திப் பாருங்க. நெளியுது இல்ல? அத்தனையும் கொசுப்புழு.

"கால்வாய விட்டுட்டு எங்க கொட்டாங்குச்சிய சொல்ல வந்துட்டியா"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கோபம். கால்வாய்க் கொசு ராத்திரியில தூங்க விடாது. ஆனா டெங்கு கொசு வேற. கறுப்பு உடம்பு, கால்ல வெள்ள வெள்ளையா வளையம். பகல்ல கடிக்கும். அதுக்குப் பிடிச்சது தேங்கி நிக்கிற நல்ல தண்ணி. ரொம்ப தூரமும் பறக்காது. நம்ம வீட்ல பொறந்தது நம்ம புள்ளையையும் பக்கத்து வீட்டுப் புள்ளையையும்தான் கடிக்கும்.

முக்கியமானத இப்ப சொல்றேன். தண்ணிய கவுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. முட்டை தண்ணிக்கு மேல, பானையோட உள்சுவத்துல ஒட்டிக்கும். காஞ்சு போனாலும் மாசக்கணக்கா உயிரோட கெடக்கும். அடுத்த மழைத்தண்ணி பட்டா பொரிஞ்சுடும். அதனால குடம், டிரம், பானை எல்லாத்தையும் வாரம் ஒரு தடவ காலி பண்ணி, தேங்கா நாரப் போட்டு உள்பக்கம் அழுத்தித் தேய்க்கணும். ஏன் வாரம்னு சொல்றேன்? முட்டை கொசுவாகிப் பறக்க ஏழுலேர்ந்து பத்து நாள்தான் ஆகுது. லாரித் தண்ணி புடிச்ச டிரம்ம துணி போட்டு இறுக்கிக் கட்டுங்க. மூடி சும்மா மேல கெடந்தா அந்தச் சந்து போதும் அதுக்கு.

டயர்தான் எனக்குப் பெரிய கவலை. காத்துல தார்ப்பாய் பறக்கக் கூடாதுன்னு கூரை மேல வெச்சிருக்கீங்க. எப்படிச் சாய்ச்சாலும் அதுக்குள்ள தண்ணி நிக்கும், கீழேர்ந்து நம்ம கண்ணுக்கும் தெரியாது. மணல் மூட்டை வைங்க. டயர்தான் வேணும்னா அடிப்பக்கம் நாலஞ்சு ஓட்டை போடுங்க. போட்டுக்குக் கட்டுற டயருக்கும் அதேதான். கொட்டாங்குச்சிய சாக்குல கட்டி கூரைக்கடியில வைங்க. ஒடஞ்ச சட்டிய குப்பை வண்டியில போட்டுடுங்க.

காய்ச்சல் வந்தா கடையில வலி மாத்திரை வாங்கி முழுங்காதீங்க, சிலது ரத்தக்கசிவ அதிகமாக்கிடும். ஆஸ்பத்திரிக்கு வாங்க. காய்ச்சல் எறங்கின பிறகுதான் ஜாக்கிரதையா இருக்கணும். வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், புள்ள சோர்ந்து போறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

ஆயா, உங்க வீட்லேர்ந்தே ஆரம்பிக்கலாமா? சாக்கு கொண்டு வந்திருக்கேன். தம்பிங்க ரெண்டு பேர் கூரை ஏறுங்க, டயர கீழ எறக்கிக் குடுங்க.