ஞாய்

குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு ஐந்தே அடி. தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று பயப்படுகிற பெண்ணிடம் அவன் சொல்வது. இரவு பதினொன்றுக்குள் கடைசி நான்கு அடிகளும் இந்திக்குப் போய்விட்டன. செம்மண்ணில் பெய்த மழைநீர்கூட அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. முதல் அடியின் இரண்டாம் சொல்லில்தான் நின்றுவிட்டேன்.

'யாயும் ஞாயும் யாரா கியரோ.'

யாய் என்றால் என் தாய். ஞாய், உன் தாய். அதில் 'உன்' தனியாக இல்லை. அம்மாவோடு ஒட்டியே பிறந்திருக்கிறது. தாய் என்பது அன்றைக்கு அவன் தாய், அவள் தாய். யாயும் ஞாயும் வழக்கொழிந்து, மூன்றாம் மனுஷருடைய அம்மா மட்டும் நமக்கு மிஞ்சினாள்.

'தேரீ மா' என்று எழுதினேன். டெல்லித் தெருவில் அப்படி ஆரம்பித்தால் அடுத்து வருவது கெட்ட வார்த்தை. அடித்தேன். 'ஆப்கீ மா', காதலியிடமா இவ்வளவு மரியாதை? 'தும்ஹாரீ மா' பொருளுக்குச் சரி. ஆனால் 'தும்ஹாரீ' நீண்டு போய் அம்மாவைத் தள்ளி நிறுத்துகிறது. ஞாய் ஒரே மூச்சு.

ஒரு மணிக்கு 'நம் அம்மாக்கள்' என்ற பொருளில் 'ஹமாரீ' போட்டுப் பார்த்தேன். கேட்க எவ்வளவு அழகு! ஆனால் தப்பு. முதல் அடியில் இன்னும் மழையே பெய்யவில்லை. அந்த அம்மாக்கள் யாரோ எவரோ. நெஞ்சம் கலப்பது ஐந்தாம் அடியில். இங்கேயே கலந்துவிட்டால் அந்த மழைக்கு என்ன வேலை?

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாட்டை அவருக்குச் சொன்னபோது, அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த 'ஞாய்' மட்டும் இன்னொரு தடவை என்றார். அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று.

மூன்று மணி இருக்கும். உள்ளறையில் இருமல். கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. நான் போவதற்குள் மாமியார் எழுந்துவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"பீ லீஜியே, சம்தன்ஜீ."

"நீங்க படுங்க சம்பந்தியம்மா, குளிருது."

"ஹாங், ஹாங்" என்றபடி மாமியார் தன் ரஜாயை இழுத்து அம்மாவின் காலில் போர்த்தினார்.

கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். 'தும்ஹாரீ மா' என்றே எழுதினேன். நடுவில் ஓர் இடைவெளி விழத்தான் செய்கிறது. இருக்கட்டும், ஐந்தாம் அடிவரை அது இருக்க வேண்டியதுதான்.

விடிந்ததும் அவரை எழுப்பி, ஐந்து அடியையும் இந்தியில் வாசித்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார். அப்புறம், "இதில் ஞாய் எங்கே?" என்றார்.