வணிக நிரலை உண்மைப் பணத்தில் இறக்கும் முன் முடிக்க வேண்டிய பட்டியல்

எது: யூரோ/டாலர், 15 நிமிட கேண்டில், சராசரியை விட்டு விலகிய விலை திரும்பி வரும் என்று நம்பி வாங்கி விற்கும் நிரல். ஒரு நேரத்தில் ஒரே பொசிஷன். ஸ்டாப்லாஸ் 25 பிப், டார்கெட் 18 பிப்.
கணக்கு: 2,000 டாலர். இந்தப் பணம் முழுவதும் போனாலும் என் வீட்டிலும் கூட்டாளி வீட்டிலும் எதுவும் நிற்காது என்று பேசி முடித்தாகிவிட்டது.
தொடக்கம்: செவ்வாய்க்கிழமை, யூடிசி 09:00. திங்கள் வேண்டாம். வார இறுதி இடைவெளிக்குப் பின் விலை எங்கே திறக்கும் என்று முதல் நாளே பாடம் படிக்கத் தேவையில்லை.

நிரலை எழுதியது நான். அதனால் எந்த வரிக்கும் நான் டிக் போடக்கூடாது. நான் செய்து காட்ட வேண்டும், கூட்டாளி தன் கண்ணால் திரையில் பார்த்து டிக் போட வேண்டும். "போன வாரம் பார்த்தோமே" என்பது கணக்கில் சேராது. 1 முதல் 7 வரையிலான பகுதிகளில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் செவ்வாய் கிடையாது, அடுத்த செவ்வாய்தான்.

1. ஓடப்போவது எந்த நிரல்?

☐ சர்வரில் `git rev-parse HEAD` கொடுத்தால் வரும் எண்ணும், ஆறு வாரம் பேப்பரில், அதாவது நிஜப் பணம் இல்லாமல், ஓடிய பதிப்பின் எண்ணும் ஒன்றே. `git status` சுத்தம்.

☐ பழைய நிரலின் எந்தப் பிரதியும் வேறெங்கும் ஓடவில்லை: என் மடிக்கணினி, பழைய சர்வர், தானாகத் தொடங்கும் பணிகளின் பட்டியல் என மூன்று இடங்களிலும் தேடியாயிற்று.

☐ பயன்படாத பகுதிகள் நீக்கப்பட்டுவிட்டன. அணைத்து வைத்தால் போதாது, அழிக்க வேண்டும்.

இது மிகை எச்சரிக்கை என்று தோன்றினால் 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேபிடலுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளலாம். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. ஆண்டுக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பகுதியின் சுவிட்சையே புதிய வேலைக்கும் எடுத்துக்கொண்டதால், அந்த ஒரு சர்வரில் பழையது எழுந்து ஆர்டர்களை அள்ளிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போயிற்று. நம்மிடம் இருப்பது ஒரே சர்வர். ஆனாலும் என் மடிக்கணினி இரண்டாவது சர்வராக மாற ஒரு கட்டளை போதும்.

2. சாவிகள்

☐ தரகரின் ஏபிஐ சாவிக்கு ஆர்டர் போடும் உரிமை மட்டும். பணம் எடுக்கும் உரிமை இல்லை.
☐ சர்வரின் முகவரியிலிருந்து மட்டுமே சாவி வேலை செய்கிறது. வேறு இடத்திலிருந்து முயன்று, மறுக்கப்பட்டதைப் பார்த்தாயிற்று.
☐ டெமோ சாவியும் நிஜச் சாவியும் தனித்தனிக் கோப்பில். நிரல் தொடங்கும்போது கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் இருப்பையும் பதிவேட்டில் எழுதுகிறது. இருப்பு 2,000 என்று வராமல் டெமோவின் 1,00,000 என்று வந்தால் நாம் இன்னும் விளையாட்டுத் திடலில்தான் இருக்கிறோம்.

3. ஆர்டர்

இங்கேதான் அதிக நேரம் உட்கார வேண்டும். நான் முன்பு ஒரு நிரலில் அடிபட்டதும் இங்கேதான். ஆர்டர் அனுப்பினேன், பதில் வரவில்லை, போகவில்லை என்று நினைத்து நிரல் மறுபடி அனுப்பியது, அப்புறம் இன்னொரு முறை. மூன்றும் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு பொசிஷனுக்குப் பதில் மூன்று.

☐ ஒவ்வொரு ஆர்டரிலும் நாம் உருவாக்கும் தனி அடையாள எண் இருக்கிறது. அதே எண்ணோடு இரண்டாவது ஆர்டர் அனுப்பினால் தரகர் மறுக்கிறார். டெமோவில் வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

☐ பதில் வராவிட்டால் நிரல் மறுபடி அனுப்பாது. முதலில் "இந்த எண்ணில் ஆர்டர் இருக்கிறதா" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கும் பதில் இல்லையென்றால் புதிய ஆர்டர்களை நிறுத்திவிட்டு நம்மை எழுப்பும். ஆர்டர் கிளம்பிய நொடியில் நெட்வொர்க்கை அறுத்துச் சோதிக்க வேண்டும்.

☐ அளவு யூனிட்டில் போகிறது, லாட்டில் அல்ல. 1,000 யூனிட் என்பது 0.01 லாட். லாட் கேட்கும் இடத்தில் 1,000 என்று போனால் அது பத்துக் கோடி யூனிட். மார்ஜின் போதாமல் மறுக்கப்படும் என்பது ஆறுதல்தான், பாதுகாப்பு ஆகாது.

☐ விற்பனைக்கு எதிர்க்குறி போகிறது. ஒரு வாங்கல், ஒரு விற்பனை இரண்டையும் தரகரின் திரையில் பார்த்தாயிற்று.

☐ ஸ்டாப்லாஸ் ஆர்டரோடு சேர்ந்தே போய் தரகரிடம் உட்காருகிறது. நம் நிரலின் நினைவில் மட்டும் இருக்கும் ஸ்டாப், சர்வர் அணைந்தால் அதோடு போய்விடும். பொசிஷன் திறந்ததும் சர்வரை அணைத்துவிட்டு, ஸ்டாப் திரையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

☐ விலை ஐந்து தசம இடத்துக்குச் சுருக்கப்பட்டே போகிறது. கணினியில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004. இப்படி வால் நீண்ட எண்ணைத் தரகர் திருப்பி அனுப்பிவிடுவார்.

☐ மறுக்கப்பட்ட ஆர்டர், பாதி மட்டும் நிறைவேறிய ஆர்டர் இரண்டுக்கும் நிரல் என்ன செய்கிறது என்று பதிவேட்டில் படித்தாயிற்று. பாதி நிறைவேறினால் மீதியை விட்டுவிட வேண்டும், துரத்தக்கூடாது.

ஸ்டாப்லாஸ் இருக்கிறது என்பதால் இழப்பு 25 பிப்போடு நிற்கும் என்று எழுதித் தர யாராலும் முடியாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற எல்லையைக் காப்பதைத் திடீரென்று கைவிட்டபோது, ஸ்டாப் போட்டவர்களுக்கும் வெகுதூரம் தள்ளித்தான் விலை கிடைத்தது. கணக்கில் இருந்ததற்கு மேலும் இழந்து கடனாளி ஆனவர்கள் உண்டு. அதனால்:

☐ கணக்கு இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று தரகரின் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தாயிற்று.

4. நேரமும் விலையும்

☐ நிரலுக்குள் எல்லாம் யூடிசி. தரகரின் சர்வர் நேரம் வேறு, அதை எங்கும் கணக்குக்கு எடுக்கவில்லை.
☐ கடிகாரம் சரி: `chronyc tracking` காட்டும் விலகல் ஒரு நொடிக்குள்.
☐ அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை நியூயார்க் காலை 8:30க்கு வரும். கோடையில் அது யூடிசி 12:30, குளிர்காலத்தில் 13:30. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விழும். அறிக்கைக்கு அரை மணி முன்னும் பின்னும் நிரல் புதிய பொசிஷன் எடுக்காது. இந்த நேரம் நியூயார்க் நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, கையால் எழுதப்படவில்லை.
☐ சிக்னல் முடிந்த கேண்டிலில் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேண்டிலைப் பார்த்து எடுத்த முடிவு பேக்டெஸ்டில் இருந்ததே இல்லை.
☐ 10 நொடிக்கு மேல் புது விலை வராவிட்டால் ஆர்டர் இல்லை.

5. வரம்புகள்

சர்வரில் இருக்கும் கோப்பு இதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்:

```
MODE=live
INSTRUMENT=EUR_USD
MAX_UNITS=1000
MAX_OPEN_POSITIONS=1
MAX_ORDERS_PER_DAY=8
DAILY_LOSS_LIMIT_USD=10
TOTAL_LOSS_LIMIT_USD=60
MAX_SPREAD_PIPS=1.5
STALE_PRICE_SEC=10
FLAT_BY_UTC=16:30
```

1,000 யூனிட்டில் ஒரு பிப் 10 சென்ட். ஒரு ஸ்டாப் 2.50 டாலர். நான்கு ஸ்டாப் விழுந்தால் அன்றைய கடை மூடல்.

☐ தினசரி வரம்பை டெமோவில் 1 டாலராகக் குறைத்து, நிரல் உண்மையில் நிற்பதைப் பார்த்தாயிற்று. திறந்திருக்கும் பொசிஷனின் நஷ்டமும் அந்தக் கணக்கில் சேர்கிறது.
☐ நின்ற பிறகு சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் நின்றே இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமாகித் திரும்பவும் கிளம்பினால் அது வரம்பே இல்லை.

6. நிறுத்துவது

☐ `touch STOP` கொடுத்தால் 5 நொடிக்குள் புதிய ஆர்டர் நிற்கிறது.
☐ நிரலைத் தொடாமலே, கைப்பேசியில் தரகரின் செயலி வழியாகப் பொசிஷனை மூட இருவருக்கும் தெரியும். கூட்டாளி ஒரு முறை, நான் இல்லாத அறையில், கடிகாரம் வைத்து. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுபடி.
☐ தரகரின் தொலைபேசி எண் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டியாயிற்று. நெட் போன நேரத்தில்தான் அது தேவைப்படும்.
☐ பொசிஷன் திறந்திருக்கும்போது நிரலைக் கொன்று மீண்டும் தொடங்கினால், அது தரகரிடம் கேட்டு உள்ளதைத் தெரிந்துகொள்கிறது. தன் நினைவும் தரகர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் தரகர் சொல்வதே சரி, ஆனால் வணிகம் நின்று எச்சரிக்கை வர வேண்டும்.
☐ எச்சரிக்கை இருவர் கைப்பேசிக்கும் வருகிறது. நிரல் மௌனமாகச் செத்தாலும் வருகிறது: 2 நிமிடத் துடிப்பு நின்றால் வேறொரு சர்வர் கூப்பிடும்.

7. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பேக்டெஸ்டில் வெற்றி 61 சதவீதம். 18க்கு 25 என்ற அமைப்பில் நட்டமில்லாமல் நிற்கவே 58 சதவீதத்துக்குச் சற்று மேல் வேண்டும். அதாவது செலவு போக ஒரு வணிகத்துக்கு மிஞ்சுவது சுமார் 1.2 பிப்தான். ஸ்ப்ரெட்டும் ஸ்லிப்பேஜும் சேர்ந்து நாம் எண்ணியதைவிட 0.6 பிப் கூடினால் பாதி லாபம் போய்விடும், 1.2 கூடினால் எல்லாம்.

பேப்பரில் 83 வணிகம், 49 வெற்றி, 59 சதவீதம். 83ஐ வைத்து இந்த முறை லாபம் தருமா என்று சொல்லவே முடியாது. இந்த எண்ணிக்கையில் சராசரியின் தடுமாற்றம் மட்டுமே ஒரு வணிகத்துக்கு 2 பிப்புக்கு மேல் வரும். பேப்பர் ஓட்டம் காட்டியது குழாய்களில் ஒழுகல் இல்லை என்பதை மட்டும். அந்த அளவுக்கு மட்டுமே அதை நம்ப வேண்டும்.

☐ 83 சிக்னலையும் அதே நாட்களுக்கான பேக்டெஸ்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாயிற்று. ஒத்துப்போகாத ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறது. "தெரியவில்லை" என்று ஒன்று இருந்தாலும் டிக் கிடையாது.
☐ பேக்டெஸ்ட் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தியது. நடுவிலையில் ஓட்டியது அல்ல.

8. செவ்வாய்

08:30க்கு இருவரும் மேசையில். கணக்கில் திறந்த பொசிஷன் இல்லை, காத்திருக்கும் ஆர்டர் இல்லை என்று பார்த்து, 09:00க்குத் தொடங்க வேண்டும். 16:30க்கு எல்லாம் மூடும் வரை ஒருவராவது திரைமுன் இருக்க வேண்டும். சாப்பாடும் முறை வைத்துத்தான்.

☐ முதல் ஆர்டர் நிறைவேறியதும் நிரலை நிறுத்தி, கேட்ட விலை, கிடைத்த விலை, அளவு, ஸ்டாப், டார்கெட் ஐந்தையும் தரகரின் திரையோடு ஒப்பிட்ட பிறகே மறுபடி ஓட விட வேண்டும்.

☐ இடையில் நிரலில் ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது. என்ன தோன்றினாலும் நோட்டில் எழுதலாம். மாற்றினால் மேலே முதல் கட்டத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இது எனக்காகவே எழுதிய வரி.

☐ லாபம் வந்தாலும் அளவைக் கூட்டக்கூடாது. 1,000 யூனிட்டிலேயே 40 வணிகம். அதில் சராசரிச் செலவு பேக்டெஸ்டில் வைத்ததைவிட 0.4 பிப்புக்கு மேல் கூடவில்லை என்றால் 2,000 யூனிட் பற்றிப் பேசலாம். 60 டாலர் வரம்பு உடைந்தால் பேச்சு கிடையாது, ஒரு மாதம் பேப்பர்.

☐ 17:00: தரகரின் கணக்கறிக்கையை இறக்கி, நிரலின் பதிவேட்டோடு வரிக்கு வரி பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு சென்ட் வித்தியாசம் இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை புதன்கிழமை கிடையாது.