94-வது நாள்

அக்கா மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போதே சட்டைப்பையில் வண்டிச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். தாங்க முடியாவிட்டால் யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிடலாம்.

மண்டபத்து மாடி அறையில் யார் யார் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். போன கல்யாணத்தில் அந்த அறையிலிருந்து இறங்கும்போதுதான் படியில் உருண்டான். அக்கா அழுதது நினைவிலேயே இல்லை. மறுநாள் மகள் சொல்லித்தான் தெரியும். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

"மாப்ளே, மேல வா." மச்சான் தோளில் கை போட்டான். அந்த வாசனை முகத்தில் அடித்தது. நாக்கு ஊறியது, உள்ளங்கை வியர்த்தது.

"இல்ல மச்சான், நிறுத்திட்டேன்."

"இன்னிக்கு ஒரு நாள்தானே? ஒரே ஒரு ரவுண்டு."

"எனக்கு ஒண்ணுங்கிறதே கிடையாது மச்சான். உனக்கே தெரியும்."

மச்சானின் கை மெல்ல இறங்கியது.

வெளியே வந்து, குடியை விட்டு ஆறு வருடமான நண்பனுக்குப் போன் போட்டான்.

"அரை மணி நேரம் தள்ளிப்போடு. அலை மாதிரி ஏறும், இறங்கிடும். நான் லைன்லயே இருக்கேன்."

இருபது நிமிடத்தில் இறங்கியது.

உள்ளே குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டத்தில் அவனைத் தேடினாள். கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். கை இன்னும் லேசாக நடுங்கியது. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.