மேல நடுத்தெரு வீட்டார் அனைவருக்கும்: மார்ச் 7, 8 எங்கள் வீட்டுக் கல்யாணம் குறித்து

அண்ணாச்சிமார், அக்காமார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

மாசி 24, மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை முதல் எட்டரை மணி முகூர்த்தத்தில் எங்கள் மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையும் தாம்பூலமும் எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரியும் வீடு வீடாக வந்து முறைப்படி அழைத்துவிட்டோம். இந்தக் கடிதம் வேறு விஷயத்துக்கு. பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதை அம்மா நம் வீட்டுப் பட்டாசலிலேயே பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்து மண்டபம் வரை வர அவர்களால் முடியாது. அதனால் வீட்டோடு வைத்துக்கொள்கிறோம். வீட்டுக் கல்யாணம் என்றால் பாதிக் கல்யாணம் தெருவில்தான் நடக்கும். தெரு எல்லாருக்கும் பொது. ஆகவே என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் கடமை.

முதலில் பந்தல். வியாழக்கிழமை காலை கால் நாட்டு. அன்று மாலையே தெருப் பந்தல் வேலை தொடங்கும். நம் தெரு பதினாறு அடி அகலம். எங்கள் வாசலை ஒட்டி ஆறடிக்குத்தான் பந்தல் போடுகிறோம், மீதிப் பத்தடி திறந்தே இருக்கும். சிமெண்டுச் சாலையைக் கொத்த வேண்டாம் என்று பந்தல்காரரிடம் சொல்லியிருக்கிறேன். கால்களை மண் நிரப்பிய தகர டின்களில் நிறுத்துகிறார். இது பிசான அறுவடைக் காலம், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எந்த நேரமும் வரும். அந்தப் பாரம் தட்டாமல் போக வேண்டும் என்பதால்தான் பந்தல் தெருவின் குறுக்கே வரவில்லை. அலங்கார வளைவும் கிடையாது. வாழைமரம் இரண்டும் எங்கள் நடையை ஒட்டியே நிற்கும். சீரியல் விளக்குகளை யார் வீட்டு சர்வீஸ் ஒயரிலும் தொங்கவிடக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தெருவில் நெல் காயப்போடும் வீட்டார் மட்டும் சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு எங்கள் பின்கட்டுக் களத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சாக்கு தூக்க ஆள் அனுப்புகிறேன்.

வண்டிகள்தான் பெரிய கவலை. மாப்பிள்ளை வீட்டார் தென்காசியிலிருந்து வருகிறார்கள். முடிந்தவரை ரயிலில் வரும்படி கேட்டிருக்கிறோம், சேரன்மகாதேவி நிலையத்திலிருந்து கூட்டிவர இரண்டு வேன் ஏற்பாடு. அப்படியும் இருபது, இருபத்தைந்து கார்கள் வரும். ஒன்றுகூடத் தெருவுக்குள் நிற்காது. கன்னடியன் கால்வாய்ப் பக்கம் அறுப்பு முடிந்து தரிசாகக் கிடக்கும் எங்கள் வயலைச் சமப்படுத்தி வைத்திருக்கிறோம், எல்லாம் அங்கேதான். வயதானவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டி உடனே திரும்பிவிட வேண்டும். தெருமுனையில் என் மைத்துனரும் இரண்டு பிள்ளைகளும் பச்சைத் துண்டு போட்டு நிற்பார்கள். எவராவது உங்கள் வாசலை மறித்து வண்டி போட்டால் அந்த விருந்தாளியோடு நீங்கள் வாதாட வேண்டாம், இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். சனி பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஞாயிறு பிற்பகல் மூன்று மணிவரை கார், பைக்குகளை வீட்டுக்குள் ஏற்றி வையுங்கள். இடமில்லாதவர்கள் எங்கள் வயலில் விடலாம், இரவில் காவலுக்கு ஆள் உண்டு. அந்தப் பத்தடி எப்போதும் காலியாக இருந்தால்தான் 108 வண்டி தடையில்லாமல் உள்ளே வர முடியும். கிழக்குக் கோடி வீட்டு அண்ணாச்சி சனிக்கிழமைதோறும் டயாலிசிஸுக்குப் போய்த் திரும்புகிறார். அவர் ஆட்டோ வரும்போது மேளமானாலும் ஊர்வலமானாலும் ஒதுங்கி வழிவிட்டுத்தான் ஆகவேண்டும்.

சனி மாலை ஆறரை மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. ஏழேகாலுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். தெருவை முழுதாக அடைப்பது அந்த நேரம் மட்டுமே. நடுவீட்டுப் பெரியவர் காலமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்த வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள விளக்குக் கம்பத்தில் மேளத்தை நிறுத்தி, அவர்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் மறுபடி தொடங்க வேண்டும் என்று நாதஸ்வரக்காரரிடம் பேசிவிட்டேன். மதினி வேண்டாம் என்றார்கள், "நல்ல காரியம், அடித்துக்கொண்டே போங்கள்" என்றார்கள். இருந்தாலும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

வேட்டு கிடையாது. மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேசி முடிவு செய்தாகிவிட்டது. மூன்று வீட்டுத் தொழுவத்தில் வைக்கோல் படப்பு காய்ந்து நிற்கிறது, ஒரு பொறி போதும். எதிர்வீட்டில் பச்சைக் குழந்தை வேறு இருக்கிறது.

ஒலிபெருக்கியைப் பொறுத்தவரை இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் உண்டு. சாதாரணப் பேச்சே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால், விதியைச் சொல்லி மட்டும் நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கூம்புக் குழாய் கட்டவில்லை. பெட்டி ஸ்பீக்கர் இரண்டே இரண்டு, இரண்டும் பந்தலுக்குள் பார்த்தபடி. சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை, ஞாயிறு காலை ஏழிலிருந்து பத்துவரை ஓடும். விடியற்காலை நாலரைக்குப் பாட்டுப் போட்டு ஊரை எழுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டோம். பொதுத்தேர்வு நடக்கிற மாதம் இது, நம் தெருவில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சத்தம் வேண்டாமென்று தோன்றினால் சனி மாலை அந்தப் பிள்ளைகள் புத்தகத்தோடு எங்கள் சித்தப்பா வீட்டு மாடிக்குப் போகலாம். கீழத்தெருவில் இருப்பதால் பாட்டு அங்கே எட்டாது. விளக்கு, மின்விசிறி, சாப்பாடு எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். காவல் நிலையத்திலும் பேரூராட்சியிலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியாகிவிட்டது.

சமையல் சத்தத்தை மட்டும் என்னால் முழுதாக அடக்க முடியாது. ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள். தேங்காய் உடைப்பார்கள், அண்டாவை நகர்த்துவார்கள், கரண்டி தட்டுவார்கள். எங்கள் பின்சுவரை அடுத்துப் படுப்பவர்களுக்குத் தூக்கம் கெடும். கூடியவரை தேங்காயை இரவு ஒன்பதுக்குள் உடைத்துத் துருவி வைக்கும்படியும், பாத்திரங்களைச் சாக்கு விரித்து அதன்மேல் வைக்கும்படியும் சமையல்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஜெனரேட்டர் தோட்டத்துக் கிணற்றடியில் இருக்கும், மின்சாரம் போனால் மட்டும் ஓடும். அந்த ஓர் இரவுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்சில் இலை தோட்டத்துக் குழிக்குப் போகும், கைகழுவும் நீர் தென்னைக்குப் போகும். தெருச் சாக்கடைக்கு எதுவும் வராது. தெருக் குழாய்த் தண்ணீரையும் தொட மாட்டோம், கிணறு இருக்கிறது. ஞாயிறு மாலைக்குள் பந்தலைப் பிரித்துத் தெருவைக் கூட்டிவிடுவோம்.

திங்கள் மதியம் மறுவீட்டுச் சொதியும் இஞ்சித் துவையலும். அது தெருக்காரர்களுக்காகவே வைப்பது. அதனால் அன்று யார் வீட்டிலும் உலை வைக்க வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் கொண்டுவந்து தருகிறோம்.

இதில் எதாவது உங்களுக்குச் சிரமம் என்றால், முடிந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள். அப்போது மாற்ற வழி உண்டு. கல்யாணத்தன்று சொல்ல வேண்டி வந்தாலும் தயங்க வேண்டாம். நான் கைவேலையாக இருந்தால் தெருமுனையில் நிற்கும் மைத்துனரிடம் சொன்னால் போதும்.

அன்புடன்,
வேப்பமரத்து வீட்டார்
மேல நடுத்தெரு, சேரன்மகாதேவி