ஐதரசன் அணு: சக்தி மட்டங்களும் காலல் கோடுகளும் (உயர்தரப் பௌதிகவியல், உவர்மலை மாலை வகுப்புக் குறிப்பு)

பிள்ளைகள், இந்தப் பாடத்தில் புள்ளி போவது பெரும்பாலும் கணக்குத் தெரியாமல் அல்ல, படம் கீறாமல். ஆகவே ஒரு பழக்கத்தை இன்றே பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் மட்டங்களைக் கீறுங்கள், அடுத்து சக்தியைக் காணுங்கள், அலைநீளத்துக்குக் கடைசியில் போங்கள்.

கணக்குக்குப் போகமுதல் ஒரு வேலை. வீட்டில் கிடக்கும் பழைய சீடி ஒன்றை எடுத்து, அதன் மினுங்கும் பக்கத்தைச் சாய்த்து, அறையில் எரியும் குழல் விளக்கு அதில் விழும்படி பாருங்கள். பச்சையும் நீலமும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். பச்சை 546 nm, அது குழலுக்குள் இருக்கும் இரச ஆவியின் கோடு. அடுத்து பழைய இழை மின்குமிழ் ஒன்றைப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் வானவில் மாதிரி வரும். டச் பே பக்கம் மாலையில் நடக்கும்போது கடை விளக்குகளிலும் இதைப் பார்க்கலாம். சூரியனை மட்டும் சீடியில் பார்க்கவே கூடாது, கண்ணுக்குக் கேடு.

ஐதரசன் வாயுவைத் தாழ்ந்த அமுக்கத்தில் ஒரு குழாய்க்குள் அடைத்து உயர் அழுத்தம் கொடுத்தால் இளஞ்சிவப்பாய் ஒளிரும். அந்த ஒளியைக் கோணல் நெய்யரியால் பார்த்தால் கண்ணுக்குத் தெரிபவை நான்கே கோடுகள்: சிவப்பு 656 nm, நீலப்பச்சை 486 nm, நீலஊதா 434 nm, ஊதா 410 nm. ஊதாப் பக்கம் போகப் போகக் கோடுகள் நெருங்குகின்றன. ஏன் நெருங்குகின்றன என்பதற்கு விடை மட்டப் படத்திலேயே இருக்கிறது.

1885 இல் பாமர் என்ற சுவிற்சர்லாந்துப் பள்ளி ஆசிரியர் இந்த நான்கு எண்களையும் ஒரே சூத்திரத்துக்குள் அடக்கினார். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது, இலத்திரனே கண்டுபிடிக்கப்படவில்லை. காரணத்தை 1913 இல் நீல்ஸ் போர் சொன்னார்: இலத்திரனுக்குக் குறிப்பிட்ட சில சக்திகளே அனுமதிக்கப்பட்டவை.

```
E_n = -13.6 / n²  eV

n = 1   -13.6
n = 2   -3.40
n = 3   -1.51
n = 4   -0.85
n = 5   -0.544
n = ∞    0
```

மறைக் குறி எதற்கு? கருவிலிருந்து முற்றாக விடுபட்டு ஓய்வில் நிற்கும் இலத்திரனுக்குச் சக்தி பூச்சியம் என்று வைத்துக்கொள்கிறோம். கட்டுண்ட இலத்திரனுக்கு அதைவிடக் குறைவு, அவ்வளவுதான். தரை நிலையிலிருந்து அதை விடுவிக்க 13.6 eV கொடுக்க வேண்டும். இதுவே அயனாக்கற் சக்தி.

படத்தைக் கீறும்போது கோடுகளைச் சம இடைவெளியில் அடுக்காதீர்கள். 1 க்கும் 2 க்கும் இடையில் 10.2 eV, 2 க்கும் 3 க்கும் 1.89 eV, 3 க்கும் 4 க்கும் 0.66 eV. மேலே போகப் போக மட்டங்கள் நெருக்கமாவதால்தான் ஒரு தொடரின் கோடுகளும் ஓர் எல்லையை நோக்கி நெருங்குகின்றன.

மேல் மட்டத்திலிருந்து இலத்திரன் விழும்போது அந்த வித்தியாசம் ஒரு போட்டனாக வெளியேறும்.

```
ΔE = hc / λ
λ (nm) = 1240 / ΔE (eV)
1/λ = R (1/n₁² - 1/n₂²),   R = 1.097 × 10⁷ m⁻¹
```

எங்கே வந்து விழுகிறது என்பதைப் பொறுத்துத் தொடரின் பெயர். n = 1 இல் விழுந்தால் இலைமன், முழுவதும் கழியூதா, 121.6 nm முதல் 91.2 nm வரை. n = 2 இல் விழுந்தால் பாமர், 656.3 முதல் 364.6 nm வரை. n = 3 இல் விழுந்தால் பாசன், 1875 முதல் 820 nm வரை, எல்லாமே செந்நிறக்கீழ். 4 க்குப் பிரக்கற், 5 க்குப் புண்ட். பாமர் தொடர் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் என்று எழுதுகிறவர்கள் கவனிக்க: 7 இலிருந்து 2 க்கு வரும் கோடு 397 nm, அதிலிருந்து எல்லை வரை கழியூதாதான்.

கணக்கு 1. பாமர் தொடரின் மிக நீண்ட அலைநீளம் என்ன?

அலைநீளம் கூடியது என்றால் சக்தி குறைந்தது. ஆகவே அடுத்த மட்டத்திலிருந்து, அதாவது 3 → 2.

```
ΔE = 3.40 - 1.51 = 1.89 eV = 3.02 × 10⁻¹⁹ J
λ = (6.63 × 10⁻³⁴ × 3 × 10⁸) / (3.02 × 10⁻¹⁹)
  = 6.59 × 10⁻⁷ m
```

உண்மைப் பெறுமானம் 656 nm. வித்தியாசம் மாறிலிகளைச் சுருக்கியதால் வந்தது, பயப்பட வேண்டாம். eV ஐ ஜூலுக்கு மாற்ற மறந்தால் மட்டும் 10⁻²⁵ அளவில் ஒரு விடை வரும். அதைப் பார்த்ததும் உங்களுக்கே சந்தேகம் வர வேண்டும்.

கணக்கு 2. கண்ணுக்குத் தெரியும் 434 nm கோடு எந்த மட்டத்திலிருந்து வருகிறது?

கண்ணுக்குத் தெரிகிறது என்றால் பாமர், விழும் இடம் n = 2.

```
ΔE = 1240 / 434 = 2.857 eV
E = -3.40 + 2.857 = -0.543 eV
n² = 13.6 / 0.543 ≈ 25,  n = 5
```

கணக்கு 3. தரை நிலையிலுள்ள ஐதரசன் அணுவை (அ) 12.5 eV போட்டன், (ஆ) 12.5 eV இயக்கச் சக்தியுள்ள இலத்திரன் மோதினால் என்ன நடக்கும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. எண் ஒன்றுதான், விடை இரண்டு. 1 → 3 க்கு 12.09 eV, 1 → 4 க்கு 12.75 eV. போட்டன் தன்னைத் துண்டாக்கிக் கொடுக்காது, கொடுத்தால் முழுவதும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 12.5 க்குப் பொருந்தும் மட்டம் இல்லாததால் அது உறிஞ்சப்படாது. மோதும் இலத்திரனோ தேவையானதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு போகலாம்: 12.09 ஐக் கொடுத்து n = 3 க்கு ஏற்றிவிட்டு 0.41 eV உடன் வெளியேறும், அல்லது 10.2 ஐக் கொடுத்து n = 2 க்கு ஏற்றும். பிறகு அவ்வணுக்களிலிருந்து மூன்று கோடுகள் வரலாம்: 102.6, 121.6, 656.3 nm.

அப்புறம், அந்த மூன்று எண்களைப் பாருங்கள். 3 → 1 என்பது 3 → 2 உம் 2 → 1 உம் சேர்ந்தது. ஆனால் 656.3 உடன் 121.6 ஐக் கூட்டினால் 102.6 வராது. கூடுவது சக்தி, ஆகவே அலைநீளத்தின் தலைகீழ்:

```
1/656.3 + 1/121.6 = 0.00152 + 0.00822 = 0.00974
1/102.6 = 0.00975
```

அலைநீளத்தைக் கூட்டுவது, கழிப்பது எல்லாம் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி. n = 4 இலிருந்து எத்தனை கோடுகள்? நிறைய அணுக்கள் என்றால் n(n-1)/2, அதாவது 6. ஒரேயொரு அணு என்றால் அதிகபட்சம் 3 போட்டன்கள்தான், ஏனெனில் அதால் ஒரு வழியாகத்தான் இறங்க முடியும். வினாவில் "ஓர் அணு" என்றா "மாதிரி" என்றா இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சனிக்கிழமைக்குச் செய்து வர வேண்டியவை

1. பாசன் தொடரின் இரண்டாம் கோட்டின் அலைநீளம்.
2. தரை நிலை அணுவை 15 eV போட்டன் அயனாக்கினால் வெளியேறும் இலத்திரனின் இயக்கச் சக்தி.
3. n = 5 க்கு அருட்டப்பட்ட வாயுவில் எத்தனை கோடுகள்? அவற்றில் எத்தனை கண்ணுக்குத் தெரியும்? மிக நீண்ட அலைநீளம் எது?
4. பாசனின் மிக நீண்ட கோட்டையும் பிரக்கற்றின் எல்லையையும் கண்டு, இரண்டு தொடர்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா எனக் காட்டுக.

விடைகள்: (1) 1282 nm. (2) 1.4 eV. (3) 10, 3, 5 → 4, ஏறத்தாழ 4050 nm. (4) 1875 nm, 1458 nm, படிகின்றன. விடை மட்டும் எழுதிய கொப்பியைப் பார்க்க மாட்டேன், மட்டப் படம் இருக்க வேண்டும்.