கல்விக் கட்டணச் சலுகை வேண்டி விண்ணப்பம்

மாண்டலே, பர்மா
2.6.2025

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு முடித்த மாணவி. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். மார்ச் 28 நிலநடுக்கத்தில் அப்பாவின் மளிகைக் கடை இடிந்து, சரக்கெல்லாம் வீணாகிவிட்டது. கடனுக்குச் சரக்கு தந்தவர்களுக்கு அப்பா இன்றும் தேடிப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்து வருகிறார். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா காலையில் இட்லி, வடை விற்கிறார். அப்புறம், கியாட்டை ரூபாயாக மாற்றினால் கையில் நிற்பது மிகக் குறைவு.

மூன்றாம் ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபாயில் பாதியைச் சலுகையாகத் தர வேண்டுகிறேன். மீதியை ஜூலையிலும் நவம்பரிலும் கட்டிவிடுவோம். நான்காம் பருவத்தில் 82 விழுக்காடு பெற்றேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரவே இந்தப் படிப்பை எடுத்தேன். மதிப்பெண் பட்டியலும் கடையின் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
கலைச்செல்வி