போட்டோ அசிஸ்டென்ட் தேவை, தண்டையார்பேட்டை

வணக்கம். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு விழா எடுக்கிறேன். கூட வர ஒருவர் வேண்டும்.

லைட் ஸ்டாண்ட், சாஃப்ட்பாக்ஸ், இரண்டு ஃபிளாஷ், ட்ரிகர் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஓமப் புகையில் கண் எரிந்தாலும் லைட் ஆடக்கூடாது. தாலி கட்டும் நேரத்தில் "பேட்டரி தீர்ந்துடுச்சு அண்ணா" என்ற பேச்சே கூடாது. என்னைக் கேட்காமல் மெமரி கார்டை ஃபார்மேட் செய்யவே கூடாது. கை பழகியதும் கேண்டிட் எடுக்க கேமராவும் தருவேன்.

அரை நாள் விழாவுக்கு 1,000 ரூபாய். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்ந்தால் 2,200. அன்றே ஜிபே. சாப்பாடு மண்டபத்தில், பெரும்பாலும் கடைசிப் பந்திதான்.

திருவொற்றியூர், பெரம்பூர் பக்கம் என் வண்டியிலேயே போகலாம். பொன்னேரி, மீஞ்சூர் என்றால் ரயில், ஆட்டோ செலவு என்னுடையது. ராத்திரி நேரமானால் வீட்டில் இறக்கிவிடுவேன்.

ஆவணி முகூர்த்தங்கள் புக் ஆகிவிட்டன. வர முடிந்தால், முன்பு வேலை செய்த அனுபவத்தைச் சொல்லி இதே நம்பருக்கு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்.